ஆக்ஸ்ஃபோர்டா, டெர்பியா, ப்ரோகா? ஒரே கட்டத்தில் ஆறு பெயர்கள், எதை எங்கே போடுவது?

வெயில்நிழல்

வணக்கம். ஒரு காலணிக் கடையின் இணையப் பக்கத்துக்குத் தமிழில் பொருள் விவரம் எழுதித் தருகிறேன். இந்த முறை 46 ஜோடிகளின் படங்களும் ஒரு அட்டவணையும் வந்திருக்கின்றன. அட்டவணையில் 'வகை' என்று ஒரே ஒரு கட்டம்தான். லோஃபர், ப்ரோக், டெர்பி, ஆக்ஸ்ஃபோர்டு, மியூல், எஸ்பட்ரில் என்ற ஆறில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

போன மாதம் ஒரு வாடிக்கையாளர், "ஆக்ஸ்ஃபோர்டு என்று எழுதியிருந்தீர்கள், வந்திருப்பது டெர்பி" என்று ஷூவைத் திருப்பி அனுப்பிவிட்டார். நான்தான் அதை எழுதியது. அந்தப் படத்தை இன்று வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இரண்டும் லேஸ் கட்டும் கறுப்பு ஷூவாகத்தான் தெரிகின்றன.

இப்போது மூன்று ஜோடிகளில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். 17-ஆம் எண் பழுப்பு நிறம், லேஸ் உண்டு, முனையில் பறவை இறக்கை விரித்த மாதிரி ஒரு வளைவு, ஓரமெல்லாம் பொடிப்பொடியாகத் துளைகள். 23-ஆம் எண்ணுக்குச் சணல் அடி, மேலே துணி, பின்பக்கம் திறந்திருக்கிறது. 31-ஆம் எண்ணில் மேலே குறுக்கே ஒரு தோல் பட்டை, பட்டையின் நடுவில் சின்ன வெட்டு, அதற்கும் பின்பக்கம் இல்லை. எதை எந்தப் பெயரில் போடட்டும்?

பட்டைச்சட்டை

இது சுலபம்ங்க. துளை இருந்தால் ப்ரோக், துளை இல்லாமல் வழவழவென்று இருந்தால் ஆக்ஸ்ஃபோர்டு. அடிப்பகுதி கொஞ்சம் தடிமனாக, முனை உருண்டையாக இருந்தால் டெர்பி. பன்னிரண்டு வருடமாக ஆபீசுக்கு லெதர் ஷூ போடுகிறேன், இந்தக் கணக்கு தப்பியதே இல்லை. உங்கள் 17 ப்ரோக்தான், யோசிக்காமல் போடுங்கள். பின்பக்கம் இல்லாத இரண்டும் மியூல்.

தோல்வாசம்

ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் பேட்டர்ன் பிரிவில் 22 வருடம் இருந்தவன். பட்டைச்சட்டை தம்பி சொன்னதில் பாதி சரி. துளையைப் பார்த்து ப்ரோக் என்றது சரி. துளை இல்லாவிட்டால் ஆக்ஸ்ஃபோர்டு என்றதுதான் இடிக்கிறது.

வெயில்நிழல், நீங்கள் தடுமாறுவதற்குக் காரணம் உங்கள் கண் இல்லை, அந்த ஒற்றைக் கட்டம். இந்த ஆறு பெயர்களும் ஒரே கேள்விக்கான ஆறு பதில்கள் கிடையாது. ஒருவர் "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்கும்போது "ஆசிரியர்" என்று பதில் சொன்னால் எப்படி இருக்கும், அப்படித்தான் இந்தக் கட்டம் இருக்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டு, டெர்பி என்ற இரண்டு பெயர்களும் லேஸ் ஓட்டை போட்ட அந்த இரண்டு மடல்களை எப்படித் தைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்கின்றன. ப்ரோக் என்பது மேலே செய்த அலங்காரம். மியூல் என்றால் குதிகாலைப் பிடிக்கும் பின்பக்கம் இல்லை என்று பொருள். எஸ்பட்ரில் என்பது அடிப்பகுதியின் பெயர். லோஃபர் கொஞ்சம் சிக்கலானது, அதற்கு அப்புறம் வருகிறேன். ஆகவே ஒரே ஷூவுக்கு இரண்டு பெயர் பொருந்தலாம், மூன்று கூடப் பொருந்தலாம். ப்ரோக் ஆக்ஸ்ஃபோர்டும் உண்டு, ப்ரோக் டெர்பியும் உண்டு, துளை போட்ட லோஃபர்கூட உண்டு.

இப்போது உங்களுக்குத் திரும்பி வந்த அந்த ஷூ. ஒரு லேஸ் ஷூவின் அப்பரை, அதாவது அடிக்கு மேலே காலை மூடும் பகுதியை, எடுத்துக்கொண்டால் முன்னால் விரல்களை மூடும் துண்டு வாம்ப், இரண்டு பக்கமும் சுற்றிப் பின்னால் போகும் துண்டுகள் குவார்ட்டர். லேஸ் ஓட்டை குவார்ட்டரின் முன்முனையில் இருக்கும். இந்தக் குவார்ட்டரை வாம்புக்கு அடியில் செருகித் தைத்தால் அது ஆக்ஸ்ஃபோர்டு. வாம்புக்கு மேலே வைத்துத் தைத்தால் டெர்பி. அவ்வளவுதான் வித்தியாசம். முனை உருண்டையா கூர்மையா, அடி தடிமனா மெலிசா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஷூ கையில் இருந்தால் நகத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். லேஸின் கடைசி ஓட்டைக்குக் கீழே, மடல் வாம்பைத் தொடும் இடத்தில், விரல் பக்கத்திலிருந்து குதிகால் பக்கமாக நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். படியேறுகிற மாதிரி நகம் ஒரு ஓரத்தில் முட்டி நின்றால் மடல் மேலே இருக்கிறது, அது டெர்பி. நகம் முட்டாமல் ஒரு படி கீழே இறங்கினால் வாம்ப் மேலே இருக்கிறது, ஆக்ஸ்ஃபோர்டு. எங்கள் பிரிவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் காட்டுவோம்.

வெயில்நிழல்

அண்ணா, நன்றி. பல நாள் குழப்பம் ஒரே பதிவில் தெளிந்தது. ஆனால் என் கையில் பெரும்பாலும் படங்கள்தான் இருக்கின்றன. படத்தை வைத்து எப்படிச் சொல்வது?

தோல்வாசம்

மேலிருந்து எடுத்த படமாக இருந்தால் லேஸ் முடியும் இடத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டு மடல்களின் கீழ்முனைகளும் வாம்பின் ஓரத்துக்குள் போய் மறைந்துவிடும். ஒரே தையல் கோடு இடமிருந்து வலம் அந்த இடத்தை மூடியபடி ஓடும், இரண்டு மடலும் அங்கே பூட்டியிருக்கும். டெர்பியில் அந்தக் கோடு இருக்காது. இரண்டு மடல்களும் இரண்டு தனி மூலைகளாக முடியும், நடுவில் தெரியும் தோல் தடையில்லாமல் முனை வரைக்கும் போகும்.

லேஸை இறுக்கிக் கட்டி எடுத்த படத்தில் இது ஏமாற்றும். டெர்பியின் மடல்களை நன்றாக இழுத்துக் கட்டினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஆக்ஸ்ஃபோர்டு மாதிரியே நிற்கும். உங்களுக்குத் திரும்பி வந்ததும் அப்படிப்பட்ட படமாகத்தான் இருந்திருக்கும். லேஸை முழுக்க உருவிவிட்டு ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். டெர்பி என்றால் கதவைத் திறந்த மாதிரி இரண்டு மடலும் அகலமாக விரியும். ஆக்ஸ்ஃபோர்டு மேல்பக்கம் மட்டும் கொஞ்சம் விரியும், கீழே பூட்டு விடாது.

மழைப்பாதை

சணல் செருப்பு என்றதும் உள்ளே வந்தேன். தயவுசெய்து 23-ஐ யாரும் வாங்காதீர்கள். நான் ஆசைப்பட்டு வாங்கிய ஜோடியைப் போட்டுக்கொண்டு ஒரு நவம்பர் மாலையில் வேளச்சேரியில் பேருந்தை விட்டு இறங்கினேன். கணுக்கால் அளவுக்குத்தான் தண்ணீர். வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் அடி உப்பிவிட்டது. பால்கனியில் இரண்டு நாள் காய வைத்தேன். காய்ந்தபோது ஒரு பக்கம் வளைந்து, சாக்கு வாடையும் சேர்ந்துகொண்டது. கீழே ரப்பர் இருந்தது, அதை நம்பித்தான் வாங்கினேன். சென்னைக்கு எந்த வகை நல்லது என்று சொல்லுங்கள், வாங்குகிறேன்.

வெயில்நிழல்

மழைப்பாதை, நான் வாங்கக் கேட்கவில்லை, பெயர் வைக்கத்தான் கேட்கிறேன். ஆனாலும் நீங்கள் சொன்னதை விவரத்தில் சேர்க்க வேண்டும் என்று இப்போதுதான் தோன்றுகிறது. 'மழைக்கு ஏற்றதல்ல' என்று ஒரு வரி போட்டுவிடுகிறேன்.

தோல்வாசம்

மழைப்பாதை சொன்னதை வைத்தே 23-ஐப் பேசிவிடலாம். ஏனென்றால் அவருடையது உண்மையான எஸ்பட்ரில் என்பதற்கு அந்த உப்பலே சாட்சி.

எஸ்பட்ரிலுக்கு அடிதான் முதலில் உருவாகிறது. சணலைப் பின்னலாகப் பின்னி, அந்தப் பின்னலைப் பாத வடிவத்தில் சுருள்சுருளாகச் சுற்றி, பக்கவாட்டில் ஊசி விட்டுக் குறுக்கே தைத்து இறுக்குவார்கள். மேல் துணியை அந்தச் சணலின் ஓரத்தோடு சேர்த்துத் தைப்பார்கள், அந்தத் தையல் வெளியே கண்ணுக்குத் தெரியும். கடைசியில் தரையில் படும் பகுதிக்கு மட்டும் மெல்லிய ரப்பர். அந்த ரப்பர் கீழிருந்து வரும் ஈரத்தைக் கொஞ்சம் தடுக்கும். பக்கவாட்டில் சணல் திறந்தபடியே இருப்பதால் தேங்கிய தண்ணீரில் கால் வைத்தால் திரி எண்ணெயைக் குடிக்கிற மாதிரி குடித்துவிடும். மழைப்பாதைக்கு நடந்தது அதுதான்.

போலியாக வருவதில் அடி முழுக்க ரப்பரோ ஃபோமோ இருக்கும், அதன் ஓரத்தில் ஒரு சணல் பட்டையைச் சுற்றி ஒட்டியிருப்பார்கள். அடியைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். உண்மையானதில் ரப்பருக்கு வெளியே சணல் சுருளின் விளிம்பு கீழேயும் எட்டிப் பார்க்கும். ஒட்டியதில் பட்டையின் இரண்டு முனைகளும் சேரும் இடம் பாதத்தின் உள்பக்கத்திலோ குதிகாலிலோ கிடைக்கும், பக்கவாட்டில் குத்தி எடுத்த தையலும் இருக்காது.

பனிமூட்டம்

லண்டனிலிருந்து எழுதுகிறேன். எஸ்பட்ரில் என்ற பெயரே அடியிலிருந்துதான் வந்தது. ஸ்பெயினில் எஸ்பார்டோ என்று ஒரு வகைப் புல். முன்பு அதை முறுக்கித்தான் அடி செய்தார்கள். கட்டலான் மொழியில் எஸ்பார்டென்யா, அது பிரெஞ்சில் எஸ்பட்ரில் ஆனது. பிரான்சின் பாஸ்க் பகுதியில் மொலியோன் என்ற ஊர் இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. புல்லின் இடத்தைப் பிறகு சணல் பிடித்துக்கொண்டது, அதுவும் நம் வங்காளச் சணல். இன்று ஐரோப்பாவில் விற்கும் எஸ்பட்ரில்களில் நிறைய ஜோடிகளின் அடி பங்களாதேஷில் செய்தது.

இன்னொரு குழப்பமும் உங்களுக்கு வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். அட்டவணை அமெரிக்காவிலிருந்து வந்திருந்தால் டெர்பியை ப்ளூச்சர் என்றும் ஆக்ஸ்ஃபோர்டை பால்மோரல் என்றும் எழுதியிருப்பார்கள். ப்ளூச்சர் 1815-இல் வாட்டர்லூவில் நெப்போலியனுக்கு எதிராக நின்ற பிரஷ்யத் தளபதி. பால்மோரல் ஸ்காட்லாந்தில் உள்ள அரச மாளிகை. இங்கே பிரிட்டனில் பால்மோரல் என்றால் எல்லா ஆக்ஸ்ஃபோர்டும் அல்ல. வாம்பையும் குவார்ட்டரையும் சேர்க்கும் தையல், அடியை நோக்கி இறங்காமல் பக்கவாட்டில் நேராகப் பின்னால் ஓடும் ஆக்ஸ்ஃபோர்டுக்கு மட்டும் அந்தப் பெயர்.

தோல்வாசம்

ப்ளூச்சரும் டெர்பியும் ஒன்று என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டெர்பியில் குவார்ட்டர் முழுசாக முன்னால் வந்து மடலாகும். ப்ளூச்சரில் மடல் மட்டும் ஒரு சின்னத் துண்டு. ஒரே உடலாக இருக்கும் அப்பரின் மேல் அதை ஒட்டுப்போட்ட மாதிரி தைத்திருப்பார்கள். வெட்டும் அச்சே வேறு.

பனிமூட்டம்

வெட்டுபவருக்கு வேறுதான். ஆனால் நான் நியூயார்க்கில் இரண்டு வருடம் இருந்தேன். அங்கே கடைக்காரரிடம் டெர்பி என்றாலும் ப்ளூச்சர் என்றாலும் ஒரே அலமாரியைத்தான் காட்டினார். படிப்பவர் எந்தப் பொருளில் தேடுகிறாரோ அந்தப் பொருளில் எழுதுவதுதான் அவருக்கு உதவும்.

தோல்வாசம்

கடைக்காரர் ஒரே அலமாரியில் வைத்தால் இரண்டும் ஒரே ஷூ ஆகிவிடாது. சரி, இதை இங்கே நிறுத்திக்கொள்வோம், அவருடைய 46 ஜோடி காத்திருக்கிறது.

ஊசிநூல்

ஆம்பூர்க்காரி நான். லோஃபர் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் திண்ணையில் உட்கார்ந்து பெண்கள் ஷூ அப்பர் தைப்பார்கள். என் அம்மாவும் தைத்தார். தொழிற்சாலையிலிருந்து ஓட்டை குத்தி வெட்டிய துண்டுகள் மூட்டையாக வரும், மெழுகு நூல் வரும், ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. இரண்டு ஊசியால் இரண்டு பக்கமிருந்தும் ஒரே ஓட்டைக்குள் நூலை விட்டு இழுக்க வேண்டும். இழுத்து இழுத்து அம்மாவின் சுண்டுவிரல் ஓரம் வெட்டுப்பட்டே இருக்கும்.

அவர் தைத்தது மொக்காசின் தையல். லோஃபரின் மேல்புறத்தில் நாக்கு மாதிரி ஒரு துண்டு இருக்கிறதே, சுற்றிலும் மேடாகத் தையல் ஓடும், அதுதான். கீழே இருக்கும் பெரிய தோல் தொட்டில் மாதிரி காலைச் சுற்றி மேலே வரும், அந்த நாக்குத் துண்டு மேலிருந்து அதை மூடும். பெரிய தோலின் ஓரம் நீளம், நாக்கின் ஓரம் குட்டை. இரண்டையும் ஓட்டைக்கு ஓட்டை சேர்க்கும்போது முனையில் சின்னச் சின்ன மடிப்பு விழும். அந்த மடிப்பு ஒரே அளவாக விழுகிறதா என்று பார்த்துத்தான் மேஸ்திரி எடுத்துக்கொள்வார். ஒரு பக்கம் கூடிவிட்டால் பிரித்துத் தைக்க வேண்டும், அதற்குக் கூலி கிடையாது.

இப்போது கடையில் பார்க்கும் நிறைய லோஃபர்களில் அந்த மடிப்பே இல்லை. தோலை மேலே கிள்ளித் தைத்து மேடு மாதிரி காட்டியிருக்கிறார்கள். நான் கடைக்குப் போனால் முதலில் முனையைத்தான் தடவிப் பார்ப்பேன்.

வெயில்நிழல்

ஊசிநூல், இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. 31-ஐ இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். முனையில் நீங்கள் சொன்ன மடிப்பு இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், இடப்பக்கம் ஒன்பது, வலப்பக்கமும் ஒன்பது.

ஊசிநூல்

அப்படியானால் யாரோ ஒருத்தி பொறுமையாக உட்கார்ந்து தைத்திருக்கிறாள்.

பட்டைச்சட்டை

அண்ணா, நேற்று ராத்திரி வீட்டில் இருக்கும் ஐந்து ஜோடியையும் வரிசையாக வைத்து நகத்தால் பார்த்தேன். மூன்று வருடமாக ஆக்ஸ்ஃபோர்டு என்று நினைத்துப் போட்ட கறுப்பு ஷூ டெர்பி. துளை இருக்கிறதே என்று சனிக்கிழமைக்கு ஒதுக்கி வைத்திருந்த பழுப்பு ஷூ ஆக்ஸ்ஃபோர்டு. நான் எழுதிய கணக்கு தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு விஷயம் புரிந்துவிட்டது. என் பாதத்தின் மேல்பக்கம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் மேடு. அந்தப் பழுப்பு ஷூவில் லேஸ் எவ்வளவு இழுத்தாலும் மடல்கள் சேராது, நடுவில் பெரிய இடைவெளி விழும், சாயங்காலம் அந்த இடம் வலிக்கும். கறுப்பு ஷூ எப்போதும் சௌகரியம். அளவு ஒன்றுதான், கம்பெனியும் ஒன்றுதான். காரணம் இந்தத் தையல்தானா?

தோல்வாசம்

பெரும்பாலும் அதுதான். ஆக்ஸ்ஃபோர்டில் மடல்களின் கீழ்முனை பூட்டியிருப்பதால் அந்த இடத்தில் விரிவதற்கு வழியில்லை. பாத மேடு அங்கேதான் அழுத்தும். டெர்பியில் மடல் முழுக்கத் திறப்பதால் கால் போவதும் சுலபம், லேஸைத் தளர்த்தி மேட்டுக்கு இடமும் கொடுக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு புதிதில் ஒரு விரல் அகலத்துக்குள் இடைவெளி இருந்தால் தோல் பழகப் பழகக் குறையும். அதைவிட அகலமாக இருந்தால் அந்த லாஸ்ட், அதாவது ஷூவை வடிவமைக்கும் கால் அச்சு, உங்கள் காலுக்கு இல்லை. ஒரே கம்பெனி என்றாலும் இரண்டு மாடலுக்கு லாஸ்ட் வேறாக இருக்கலாம், அதையும் மறந்துவிடாதீர்கள்.

வெயில்நிழல், இதனால்தான் உங்கள் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பியதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெயரைப் பார்த்து வாங்குபவர்களில் சிலர் காலை நினைத்துத்தான் பார்க்கிறார்கள்.

வெயில்நிழல்

இன்று கடையின் கிடங்குக்கே போய் 17-ஐக் கையில் எடுத்துப் பார்த்தேன். முதலில் நகத்தை முனைப் பக்கத்திலிருந்து இழுத்தேன், ஒரு படி இறங்கியது. ஆக்ஸ்ஃபோர்டு என்று எழுதப் போய்விட்டேன். அப்புறம்தான் நான் தொட்டது அந்த இறக்கை வளைவின் ஓரம் என்று தெரிந்தது. முனைத் துண்டை வாம்பின் மேல் வைத்துத் தைத்திருக்கிறார்கள், அந்த ஓரத்தில்தான் நகம் இறங்கியிருக்கிறது. அண்ணா சொன்ன மாதிரி லேஸின் கடைசி ஓட்டைக்குக் கீழே வைத்து மறுபடி இழுத்தேன். முட்டி நின்றது. லேஸை உருவினேன், இரண்டு மடலும் விரிந்துவிட்டன. உள்ளே லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கைத் தூக்கிப் பார்த்தால், முன்னால் இருக்கும் தோலே தொடர்ந்து வந்து நாக்காகியிருக்கிறது.

ஆகவே 17 ஒரு டெர்பி. அதன் மேல் ப்ரோக் வேலை. 'ப்ரோக்' என்று மட்டும் எழுதியிருந்தால் தப்பில்லை, ஆனால் பட்டைச்சட்டை மாதிரி ஒருவருக்கு வேண்டிய தகவல் அதில் இருந்திருக்காது. ஒரு சந்தேகம். இறக்கை வளைவு இருந்தால்தான் ப்ரோக்கா? 22-ஆம் எண்ணில் முனையில் நேரான பட்டை, அதன் தையலை ஒட்டி மட்டும் துளை வரிசை இருக்கிறது.

பனிமூட்டம்

அதுவும் ப்ரோக் குடும்பம்தான், கால் ப்ரோக் என்று சொல்லலாம். நேரான பட்டையோடு முனையின் நடுவில் பூ மாதிரி துளைக்கோலமும் இருந்தால் அரை ப்ரோக். உங்கள் 17 மாதிரி இறக்கை வளைவும் கோலமும் சேர்ந்திருந்தால் முழு ப்ரோக். ஐரிஷ் மொழியில் ப்ரோக் என்றால் வெறுமனே காலணி என்றுதான் பொருள், துளைக்கும் அந்தச் சொல்லுக்கும் தொடர்பில்லை. இறக்கை வளைவு இருந்தும் ஒரு துளைகூட இல்லாத ஷூவும் வருகிறது. அதை ப்ரோக் என்பதா வேண்டாமா என்று இங்கேயே ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

தோல்வாசம்

துளைகளை உற்றுப் பாருங்கள். உண்மையில் குத்தியிருந்தால் மேல்தோல் மட்டும் வெட்டுப்பட்டு, குழிக்குள் அடித்தோலோ லைனிங்கோ தெரியும். மலிவான சரக்கில் சூடான அச்சை வைத்து அழுத்தி விட்டிருப்பார்கள். குழி இருக்கும், ஓட்டை இருக்காது, நாலு மாதத்தில் பாலிஷ் அடைத்து மட்டமாகிவிடும். விவரத்தில் 'குத்திய துளை' என்று எழுதுவதற்கு முன்னால் ஒரு ஊசியை விட்டுப் பார்ப்பது நல்லது.

வெயில்நிழல்

சரி அண்ணா. 23-ஐயும் திருப்பிப் பார்த்தேன். ரப்பரைச் சுற்றிலும் சணல் விளிம்பு தெரிகிறது, பக்கவாட்டில் குத்துத் தையலும் இருக்கிறது. ஆகவே எஸ்பட்ரில். பின்பக்கம் இல்லாததால் மியூலும்கூட. இரண்டையும் எழுதலாமா?

தோல்வாசம்

எழுதலாம். 'மியூல் வடிவ எஸ்பட்ரில்' என்றால் எந்தத் தொழில்காரருக்கும் புரியும். மியூலுக்கு அடி எதுவானாலும் சரி, குதி உயரம் எவ்வளவானாலும் சரி, முனை மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் சரி. குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் கவுண்டர் இல்லை என்பது ஒன்றுதான் கணக்கு. பின்னால் மெல்லிய வார் ஒன்று இருந்தாலும் அதை மியூல் என்று எழுத மாட்டோம்.

31-க்கும் இதே வழிதான். லோஃபரின் மேல்பக்கம், மியூலின் பின்பக்கம்.

பனிமூட்டம்

31-இல் எனக்கு உடன்பாடில்லை. லோஃபர் என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. நார்வேயின் அவுர்லாண்டில் செய்த ஷூவைப் பார்த்து அமெரிக்காவில் பாஸ் நிறுவனம் 1936-இல் 'வீஜன்' என்று ஒன்றை விற்கத் தொடங்கியது. மேலே குறுக்குப் பட்டை, பட்டையில் வெட்டு, அதுதான் பென்னி லோஃபர். 1953-இல் கூச்சி அந்த இடத்தில் குதிரைக் கடிவாளம் மாதிரி உலோகத்தை வைத்தது. இரண்டிலும் லேஸ் இல்லை, ஆனால் குதிகாலைப் பிடிக்கும் பின்பக்கம் இருக்கிறது. லேஸே இல்லாமல் ஷூ காலில் நிற்பதற்கு அந்தப் பிடிதான் ஆதாரம். அதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது லோஃபர் மாதிரி அலங்காரம் செய்த மியூல்.

ஊசிநூல்

அம்மாவுக்கு வந்த மூட்டையில் பின்பக்கம் இல்லாத துண்டும் சில சமயம் வரும். தையல் ஒன்றுதான், மடிப்பு ஒன்றுதான், கூலியும் ஒன்றுதான். எங்கள் தெருவில் இரண்டையும் லோஃபர் என்றுதான் சொன்னார்கள்.

தோல்வாசம்

நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் பனிமூட்டம் சொல்வதை மறுக்க என்னிடம் தொழில்நுட்பக் காரணம் இல்லை. லோஃபர் என்ற பெயர் மட்டும் ஒரே கேள்விக்குப் பதிலாக நிற்பதில்லை. லேஸ் இல்லை, மேல்வாய் தாழ்வு, மொக்காசின் நாக்கு என்று மூன்று நான்கு அடையாளம் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. அதில் ஒன்று போனால் பெயரும் போய்விடுமா என்பதற்கு ஆளுக்கு ஒரு பதில். நாக்குத் தையலே இல்லாத வழவழ லோஃபரும் விற்கிறார்கள். பக்கவாட்டில் எலாஸ்டிக் வைத்த ஷூவை லோஃபர் என்று விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியாது.

மழைப்பாதை

என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. மேலே துணி, அடி முழுக்க ரப்பர், பார்த்தால் எஸ்பட்ரில் மாதிரியே இருக்கிறது, கடையில் எஸ்பட்ரில் என்றே சொல்கிறார்கள். அது மழைக்குத் தாங்குமா?

பனிமூட்டம்

அடி தாங்கும், துணி நனையும். அது அர்ஜென்டினாவில் போடும் அல்பர்காட்டாவின் சாயல். 2006-இல் தொடங்கிய டாம்ஸ் நிறுவனம் அந்த வடிவத்தை உலகம் முழுக்கப் பரப்பியது. ஸ்பெயினில் அல்பர்காட்டா என்றாலே எஸ்பட்ரில்தான், அதனால் கடைக்காரர் சொல்வதை முழுத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

தோல்வாசம்

சணல் இல்லாமல் எஸ்பட்ரிலா? என் பேட்டர்ன் அட்டையில் அப்படி எழுத மாட்டேன். மழைப்பாதை, மழைக்காலத்துக்கு ஒட்டுப்போடாத வார்ப்பு ரப்பர் செருப்பை வாங்குங்கள். இந்த ஆறு பெயரில் எதையும் தேட வேண்டாம்.

வெயில்நிழல்

கடைக்காரரிடம் பேசினேன். அட்டவணையை மாற்றச் சம்மதித்துவிட்டார், ஆனால் நான் கேட்ட மாதிரி நாலு கட்டம் கிடையாது, இரண்டுதான் தருவார்களாம். முதல் கட்டத்தில் லேஸ் ஷூவாக இருந்தால் ஆக்ஸ்ஃபோர்டு அல்லது டெர்பி, லேஸ் இல்லாவிட்டால் லோஃபர் அல்லது மியூல். இரண்டாவது கட்டம் விருப்பத்துக்கு, அங்கே ப்ரோக் வேலை, சணல் அடி இரண்டும் வரும். 17 'டெர்பி, முழு ப்ரோக்' என்று போய்விட்டது. 23-க்கு முதலில் மியூல், அடுத்து எஸ்பட்ரில் அடி. 31-ஐ முதல் கட்டத்தில் மியூல் என்று போட்டு, விவரத்தில் 'லோஃபர் முகப்பு, கையால் தைத்த மொக்காசின் நாக்கு' என்று எழுதியிருக்கிறேன். பனிமூட்டமும் ஊசிநூலும் ஆளுக்குப் பாதி மன்னிக்க வேண்டும்.

38-ஆம் எண் இன்னும் நிற்கிறது. கறுப்பு, லேஸ் உண்டு, ஆனால் வாம்பும் குவார்ட்டரும் பிரிந்தே தெரியவில்லை. பக்கவாட்டில் ஒரு தையலும் இல்லை. நகத்தை எங்கே வைத்தாலும் முட்டவும் இல்லை, இறங்கவும் இல்லை.

தோல்வாசம்

முழு அப்பரும் ஒரே தோலில் வெட்டியதாக இருக்கும். ஒரு மரு, ஒரு கீறல் இருந்தாலும் அந்தத் தோலை எடுக்க முடியாது, அதனால் விலையும் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். லேஸ் வாயைத் தோலிலேயே கீறித் திறந்திருந்தால் கீழே தானாகவே பூட்டு இருக்கும், ஆக்ஸ்ஃபோர்டில் சேர்த்துவிடலாம். குதிகாலில் ஒரே ஒரு தையல் மேலிருந்து கீழே ஓடுகிறதா, அதையும் பாருங்கள். சில ஜோடியில் அதுவும் இருக்காது. லேஸை உருவிவிட்டு மேலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று என்று இரண்டு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

வெயில்நிழல்

நாளை காலை கிடங்கு திறந்ததும் எடுத்துப் போடுகிறேன் அண்ணா.